இருபத்திரண்டாம் ஸ்லைடின் குறிப்பு

விக்டோரியா அக்காவுக்கு 'அடுத்ததாக' என்ற சொல்லைக் கண்டாலே ஆகாது. "அடுத்ததாக, அடுத்ததாகன்னா என்ன? பந்தியில இலை போடறமா?" என்பார். ஒரு விஷயத்திலிருந்து இன்னொரு விஷயத்துக்குப் போனால் ஏன் போகிறோம் என்று கேட்பவருக்குத் தெரிய வேண்டுமாம். இதைக் காலை எட்டு மணிக்குக் காபி ஆறுவதற்குள் சொல்வார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

என் பெயர் கேரல். மைசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் பயிற்சிப் பிரிவில் வேலை. புதிதாகச் சேரும் நர்ஸ்களுக்கு முதல் வாரம் அங்கேதான் வகுப்பு. பிரிவில் மூன்றே பேர். விக்டோரியா அக்கா இருபது வருடம் வார்டில் நின்று, இரண்டு முட்டியும் தேய்ந்து, பாடம் தயாரிக்க வந்தவர். மேடை ஏறச் சொன்னால் மட்டும் காணாமல் போய்விடுவார். அதனால் வகுப்பை எடுப்பவர் எச்.ஆரிலிருந்து வரும் மெர்வின் சார். அவர் ஊசியைத் தொட்டதில்லை, ஆனால் குரல் மட்டும் கோயில் மணி. மூன்றாவது ஆள் நான். புரொஜெக்டர், பிரிண்ட், அப்புறம் என் வாய்.

போன வருடம் தரச் சான்று கொடுக்கும் குழு வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தது. நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி நர்ஸின் கையில் குத்திவிட்டால் எப்போது சொல்ல வேண்டும்? ஸ்லைடில் 'உடனே' என்று இருந்தது. அதன் கீழே, பேசுபவருக்கு மட்டும் தெரியும் பேச்சுக் குறிப்பில் 'ஷிப்ட் முடிவதற்குள்'. முப்பத்தொன்றாம் ஸ்லைடின் குறிப்பில் 'இருபத்துநாலு மணி நேரத்துக்குள்'. மெர்வின் சார் மூன்றையும் ஒரே வகுப்பில், ஒரே கம்பீரத்தோடு படித்தார். குழு அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டது.

இந்த வருடம் எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் மாதேவி மேடம் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார். சிதறிக் கிடக்கும் குறிப்பையெல்லாம் சேர்த்து ஒரே உரையாக எழுது. யார் படித்தாலும் ஒரே பேச்சாக வரணும். வியாழக்கிழமை குழு வருது. இன்னொரு தடவை மாட்டினால் பயிற்சிப் பிரிவே கிடையாது, நீ வார்டுக்குத்தான். அதாவது இரவு ஷிப்ட், நாலு மாடிப் படி, அந்த முட்டியோடு. அக்கா திரும்பி வந்து இதைச் சொல்லிவிட்டு முட்டியைத் தடவிக்கொண்டார். தப்பை எழுதியது யார், தண்டனை யாருக்கு.

நாற்பத்தொரு ஸ்லைடு. ஒன்பது வருடமாக ஐந்து பேர் எழுதிய குறிப்பு. எல்லாவற்றையும் நான் நோட்ஸ் பக்கமாக பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். மறைத்து வைத்த மூன்று ஸ்லைடின் குறிப்பும் சேர்ந்து வந்தது. அதில் ஒன்று யாரோ ஒரு டாக்டரின் பிரிவு உபசாரப் பேச்சு. அது எப்படி இங்கே வந்தது என்று இன்றுவரை தெரியாது.

படிக்கப் படிக்கச் சிரிப்பு. ஏழு இடத்தில் 'எல்லோருக்கும் காலை வணக்கம்'. பதினோராம் ஸ்லைடில் 'இனி எட்வர்ட் சார் பேசுவார்' என்று இருந்தது. எட்வர்ட் சார் ரிடயராகி இரண்டு வருடமாகக் குவெம்புநகரில் பேரனை ஸ்கூலுக்கு விட்டுக்கொண்டிருக்கிறார். மெர்வின் சார் தன் குறிப்பில் மூன்று இடத்தில் 'இங்க ஜோக்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

"எந்த ஜோக் சார்?" என்று போனில் கேட்டேன்.

"அது ஸ்பாட்ல வரும்மா."

"போன வருஷம் வந்துச்சா?"

"இல்ல."

அக்கா சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்தார். வணக்கம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆறை அடித்தார். பயன்படுத்திய ஊசியைப் போடும் டப்பாவுக்கு ஐந்து பேரும் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். ஷார்ப்ஸ் பாக்ஸ், நீடில் டப்பா, வெள்ளை டப்பா, ஊசிப் பெட்டி. எட்வர்ட் சாருக்கு அது வெறும் 'அது'. இனி எல்லா இடத்திலும் ஷார்ப்ஸ் பாக்ஸ் என்று முடிவானது. 'முந்தைய ஸ்லைடில் பார்த்ததுபோல' என்று ஒரு வரி. நடுவில் யாரோ ஸ்லைடை இடம் மாற்றியிருந்ததால், முந்தைய ஸ்லைடு கேன்டீன் நேரம். அதாவது கையுறை எப்படி மாட்டுவது என்பதை ஒன்பதரைக்கு இட்லி முடிந்துவிடும் என்பதில் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரி வரி ஒவ்வொன்றையும் எந்த ஸ்லைடைச் சொல்கிறது என்று தேடிச் சரிசெய்தார்.

"ஊசி குத்தினா எப்ப சொல்லணும்" என்பதை மட்டும் எங்களை நம்பாமல், தொற்றுத் தடுப்புப் பிரிவின் கையேட்டை வாங்கி வந்து பார்த்தார். 'உடனே'. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க மருந்து தொடங்குவது இரண்டு மணி நேரத்துக்குள் நல்லது, எழுபத்திரண்டு மணி தாண்டக் கூடாது. ஸ்லைடு, குறிப்பு, முப்பத்தொன்று, எல்லா இடத்திலும் அதையே எழுதினார்.

அப்புறம் இன்னொரு சட்டம் போட்டார். ஐந்து பேரும் அவரவர் அனுபவத்தை 'நான்' என்று எழுதியிருக்கிறார்கள். பேசப்போவது ஒரே ஆள். "அப்படியே விட்டா மெர்வின் சார் நின்னு 'எனக்கு மொதல் பிரசவம் ஆனப்போ'ன்னு படிப்பாரு. எல்லா நானையும் 'நம்ம ஆஸ்பத்திரியில ஒருத்தர்'னு மாத்து, கேரல்."

மாற்றினேன். ஸ்லைடுக்கு ஸ்லைடு இணைப்பு வரியை அவரே எழுதினார், முப்பத்தேழு. கேன்டீனிலிருந்து கை கழுவுவதற்கு: 'சாப்பிடும் முன் கை கழுவுகிறோம், நமக்காக. நோயாளியைத் தொடும் முன் கழுவுவது யாருக்காக?' எனக்கே பிடித்தது. கடிகாரம் வைத்து வாய்விட்டுப் படித்தால் ஐம்பத்திரண்டு நிமிடம். இருப்பதோ நாற்பது. வெட்டினார்.

வெட்டியதில் இருபத்திரண்டாம் ஸ்லைடின் கீழே இருந்த ஒரு பத்தியும் போயிற்று. ஒன்பது வருடம் முந்தையது, பெயர் இல்லை. 'எனக்கு ஒரு தடவை ஊசி குத்தியது. கழுவிவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் என் குழந்தைக்குக் கையுறை போட்டுக்கொண்டுதான் சோறு ஊட்டினேன்.'

"அக்கா, மொத்தத்துலயும் உயிர் இருக்கறது இது ஒண்ணுதான். இத ஏன் எடுக்கறீங்க?"

"யார் எழுதினதுன்னு தெரியல. ஆதாரம் இல்ல."

"எட்வர்ட் சார் குறிப்புல எழுதின தத்துவத்துக்கு ஆதாரம் இருக்கா? அத வெச்சிருக்கீங்க."

"வேண்டாம்னா வேண்டாம், கேரல். பிடு."

'விடு' என்பதைக் கன்னடத்தில் சொன்னால் அக்காவுக்குக் கோபம் என்று அர்த்தம். எனக்கும் கோபம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் உரையைத் துண்டு துண்டாக அந்தந்த ஸ்லைடின் குறிப்புப் பெட்டியில் ஒட்டும் வேலை என்னுடையது. ஒட்டும்போது அந்தப் பத்தியை இருபத்திரண்டில் திரும்ப வைத்துவிட்டேன். அவசரத்தில் 'எனக்கு' என்பதை மாற்ற மறந்தேன்.

வியாழன் காலை. பின்வரிசையில் குழுவிலிருந்து ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடி, கையில் பேனா. பக்கத்தில் மாதேவி மேடம். முன்னால் புது நர்ஸ்கள் இருபது பேர். அவர்கள் இரண்டு நாளாக வார்டிலும் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள். மெர்வின் சார் லேப்டாப் திரையைப் பார்த்துப் படித்தார். இருபத்தொரு ஸ்லைடும் தண்ணீர் ஓடுவதுபோல் ஓடியது. அக்கா சுவரோரம் நின்று உதடு அசைத்துக்கொண்டிருந்தார்.

இருபத்திரண்டு வந்தது. மெர்வின் சார் குரலைத் தாழ்த்தி, நெஞ்சில் கை வைத்துப் படித்தார். "எனக்கு ஒரு தடவை ஊசி குத்தியது." அவர் நிறுத்தவில்லை. "மூன்று மாதம் என் குழந்தைக்குக் கையுறை போட்டுக்கொண்டுதான் சோறு ஊட்டினேன்."

மெர்வின் சாருக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்கே தெரியும். மாதேவி மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவரும் படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று யோசித்தார்போல. முகம் வெளுத்துவிட்டது.

பின்வரிசை அம்மா கேட்டார், "நீங்க முன்னாடி நர்ஸா சார்?"

"இல்ல மேடம். அது வந்து, இது ஒரு..." என்று மெர்வின் சார் கீழே தேடினார். அங்கே இருந்தது அக்காவின் இணைப்பு வரி மட்டும்தான்.

"அப்ப இது யாரு?"

தப்பு என்னுடையது. எழுந்திருக்க வேண்டியவள் நான். எழுவதற்குள் சுவரோரத்திலிருந்து குரல் வந்தது.

"நான்தான் மேடம்."

விக்டோரியா அக்கா. ஒன்பது வருடத்தில் ஒரு வகுப்பிலும் வாய் திறக்காதவர். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவின் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது.

"குத்திடுச்சுன்னு தெரிஞ்சும் ஏன் ரிப்போர்ட் பண்ணல?" கேட்டது மாதேவி மேடம். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"ஒருத்தர் உடனேன்னாங்க. ஒருத்தர் ஷிப்ட் முடியட்டும்னாங்க. ஷிப்ட் முடிஞ்சதும் இவ்வளவு நேரம் ஏன் சொல்லலன்னு கேப்பாங்களேன்னு பயந்துட்டேன். மறுநாள் இன்னும் பயம். மூணு மாசம் கழிச்சு வெளியில டெஸ்ட் பண்ணேன், ஒண்ணும் இல்ல. இத வகுப்புல சொல்லணும்னுதான் அன்னைக்கு எழுதினேன் மேடம். நிக்கத் தைரியம் வரல."

அந்த அம்மா பேனாவை எடுத்து நீளமாக ஏதோ எழுதினார். போச்சு, நாலு மாடிப் படி என்று நினைத்தேன்.

டீ இடைவேளையில் நான் அக்காவிடம் போய் நின்றேன். திட்டட்டும் என்று. அவர் திட்டுவதற்குள் புது நர்ஸ் ஒருத்தி நடுவில் வந்தாள். மனிஷா என்று கழுத்து அட்டை சொன்னது. விரலை நீட்டினாள். "சிஸ்டர், நேத்து சாயங்காலம் ஒரு பேஷன்ட்டுக்கு சுகர் பாக்கறப்போ குத்திடுச்சு. யார்கிட்டயும் சொல்லல."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். எண்ணினார். "பதினேழு மணி நேரம். இன்னும் டைம் இருக்கு, வா." அந்த முட்டியோடு அவ்வளவு வேகமாகப் படியிறங்கி நான் பார்த்ததில்லை. வாசலில் நின்ற மாதேவி மேடம் வழி விட்டு, தானும் கேஷுவல்டிக்குக் கூடவே போனார்.

குழுவின் அறிக்கை பதினைந்து நாளில் வந்தது, இந்தத் தடவை முரண்பாடு என்று ஒன்றும் இல்லை. பயிற்சிப் பிரிவு அப்படியே இருக்கிறது. மனிஷாவுக்கு மருந்து தொடங்கியாயிற்று, டெஸ்ட் இன்னும் பாக்கி. ஒவ்வொரு தேதிக்கும் அக்காதான் கூடப் போகிறார்.

அடுத்த வகுப்புக்கு முன்னால் மெர்வின் சார் கேட்டார், "அந்த இருபத்திரண்டை நான் என்ன பண்றது?" நான் திறந்து, அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, அங்கே ஒரு வரி அடித்தேன்: 'இங்கே விக்டோரியா சிஸ்டர் பேசுவார்.'

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "மறுபடி ஆரம்பிச்சுட்டியா? உரையில இப்படிப் பேரு வரக் கூடாதுன்னுதான எல்லாத்தையும் அடிச்சேன்."

"அடிச்சுடவா அக்கா?"

சிவப்புப் பேனாவைத் திறந்தார். அப்புறம் மூடியைப் போட்டு, அதற்கு முந்தைய ஸ்லைடின் கடைசி வரியைத் திருத்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். தான் எழுந்து வருவதற்கு ஒரு இணைப்பு வேண்டுமாம்.