அறிவிப்பில் விட்டுப்போன பெயர்

உறுவையாறு பள்ளியில் நான் வாத்தியாராக இருந்தபோது, என் மாணவி செல்லியின் அப்பா கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்து இறந்தார். வீட்டார் சம்மதமில்லாமல் அவர்கள் துக்கத்தைப் பற்றி எதையும் வகுப்பில் சொல்லக் கூடாதென்பது என் பிடிவாதம். வகுப்புக்கும் பெற்றோருக்குமாக எழுதிய அறிவிப்பை அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“செல்லியின் தகப்பனார் பாம்பு கடித்து இறந்துவிட்டார். கருமாதி முடிந்து அவள் வருவாள். சாவைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், விளையாடக் கூப்பிடுங்கள். பெற்றோரே, தீட்டென்று பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்.”

ஒரு குறையும் இல்லையென்று நிமிர்ந்தேன்.

“எல்லாம் சரிதாங்க வாத்தியாரய்யா. அவுரு பேரு எங்க?”

“சொல்லுங்கம்மா, எழுதுகிறேன்.”

“நான் இன்னா பண்ணுவேன்? புருசன் பேர வாயால சொன்னதே இல்லியே.”

அவள் மகளைப் பார்த்தாள். சாவுக்குப் பிறகு வாயே திறக்காத செல்லி, “முருகேசன். எங்கப்பா பேரு முருகேசன்” என்று உரக்கச் சொல்லிவிட்டு, அப்போதுதான் அழுதாள்.

மறுநாள் பிள்ளைகள் அறிவிப்பை எழுதிக்கொண்டுபோய், படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டினார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு அந்தப் பெயர் கேட்டது.

செல்லி பள்ளிக்குத் திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்த பெண், “முருகேசன் மாமா எனக்குக் கரும்பு ஒடிச்சிக் குடுத்தாருடி” என்றாள்.

“எனக்குத்தான் பெரிசு குடுப்பாரு” என்றாள் செல்லி.

அதன்பிறகு நான் எழுதிய துக்க அறிவிப்பு ஒவ்வொன்றும் பெயரில்தான் தொடங்கியது.