தராசு அக்காவின் பன்னிரண்டு சீட்டுகள்

எங்கள் பத்திரிகையில் தங்க விலைச் செய்தி எழுதுபவருக்கு நாங்கள் வைத்த பெயர் தராசு அக்கா. யார் எதைச் சொன்னாலும் நிறுத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார். பிழை திருத்துகிற வேலைக்கு வந்தவர், பத்தொன்பது வருடமாகத் தங்க விலைப் பத்தியின் அந்த நாலு அங்குல இடத்தைக் கட்டிக் காக்கிறார். நான் அடுத்த மேசையில் செய்திகளை அடுக்கிப் பக்கம் கட்டுகிறவன். வாரத்துக்கு மூன்று முறையாவது அவருடைய நாத்தனார் போன் செய்து, "அண்ணி, நாளைக்குத் தங்கம் ஏறுமா?" என்று கேட்பார். "தெரியாதும்மா" என்பார் அக்கா. சொந்தக்காரியிடமே சொல்ல மனசில்லை என்று நாத்தனாருக்கு இன்றைக்கும் வருத்தம்.

வினை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொரு மணிக்குச் செய்தி நிறுவனம் அனுப்பியது: போர்ப் பதற்றத்தால் தங்கம் உயர்வு. மூன்று மணிக்கு விலை சரிந்தது. அதே நிறுவனம் அசராமல் அனுப்பியது: போர்ப் பதற்றம் நீடித்தாலும், லாபம் பார்த்தவர்கள் விற்றதால் சரிவு. விற்றவர் யார் என்று ஒருவரையும் கேட்டதாகச் செய்தியில் இல்லை. அக்கா எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: "கிராமுக்கு நாற்பது ரூபாய் குறைந்தது. உறுதியான காரணம் தெரியவில்லை."

வணிகப் பக்க ஆசிரியர் அந்தத் தாளோடு வந்தார். நல்ல மனிதர்தான், கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும்.

"தெரியலைன்னு எழுதறதுக்கா சம்பளம்? நகைக்கடைக்காரங்க இதைப் படிச்சுட்டுத்தான் சரக்கு வாங்கறாங்க."

"அதனாலதான் சார் தெரியலைன்னு எழுதினேன்."

"இப்படியே போனா திங்கட்கிழமைலேர்ந்து இந்தப் பத்தியை ராசிபலன் எழுதறவர்கிட்ட குடுத்துடுவேன். அவருக்குத் தெரியாததே கிடையாது."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், அது இன்றைக்கும் உறுத்துகிறது. லாபம் பார்த்தவர்கள் கதையே அச்சில் வந்தது. பத்தி கைவிட்டுப் போகும் என்று அக்காவுக்கு நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் காலை பன்னிரண்டு சீட்டுகளோடு வந்து ஆசிரியரின் மேசையில் கவிழ்த்து வைத்தார். எல்லாம் எங்கள் பத்திரிகையிலேயே வந்த தங்கச் செய்திகள். விலை ஏறியதா இறங்கியதா என்ற இடத்தை மட்டும் மையால் அடித்திருந்தார்.

"காரணம் இதுல இருக்கு சார். விலை எந்தப் பக்கம் போச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

ஆசிரியர் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டார். முதல் சீட்டு, போர்ப் பதற்றம்.

"ஏறுச்சு."

"இறங்குச்சு சார்."

அடுத்தது, வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பு.

"ஏறுச்சு. இது பாலபாடம்."

"சரிதான்."

மூன்றாவதும் வட்டி குறையும் என்ற எதிர்பார்ப்பு.

"இது இப்பத்தானே வந்துச்சு?"

"இது அதுக்கு அடுத்த வாரம். இறங்குச்சு. எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில சேர்ந்துடுச்சுன்னு எழுதினோம்."

பத்து சீட்டு முடிந்தபோது நாலு சரி. "காசைச் சுண்டிப் போட்டிருந்தா அஞ்சாவது வந்திருக்கும்" என்று முணுமுணுத்தேன். ஆசிரியர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த சீட்டை அவரே புரட்டினார்.

பதினோராவது: இறக்குமதி வரி பன்னிரண்டு சதவீதத்திலிருந்து ஏழாகக் குறைப்பு, அறிவிப்பு காலை பத்து மணி.

"இறங்குச்சு. நாலரை சதவீதம் இருக்கும்."

"கிட்டத்தட்ட அதேதான். அன்னைக்கு உலகச் சந்தையில விலை அசையவே இல்லை."

கடைசி: டாலரில் தங்கத்தின் விலை மாறவில்லை, நம் நாணயம் டாலருக்கு எதிராக ஒரு சதவீதம் சரிவு.

"இங்க ஒரு சதவீதம் ஏறியிருக்கும்."

"ஏறுச்சு."

ஆசிரியர் கடைசி இரண்டு சீட்டுகளையும் தனியாக எடுத்து வைத்தார்.

"கடைசி ரெண்டையும் நான் எப்படிச் சரியா சொன்னேன்?"

"அதுதான் சார் காரணம். விலை மாறுறதுக்கு முன்னாடியே வந்திருக்கு, அளவும் ஒத்துப்போகுது, கேட்டதுமே விலை எந்தப் பக்கம்னு சரியா சொல்ல முடியுது. மத்த பத்தும் விலையைப் பார்த்துட்டு அப்புறமா தேடின கதை. அதுல ஒண்ணு ரெண்டு நிஜமாவும் இருக்கலாம். எதுன்னு நமக்குத் தெரியாது."

ஆசிரியர் சீட்டுகளை அடுக்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பத்தி யாரிடம் போகும் என்பது இன்னும் முடிவாகவில்லை. அக்கா மேசைக்குத் திரும்பி, தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார்.

அன்று மாலை செய்தி நிறுவனம் அனுப்பியது: மத்திய வங்கித் தலைவரின் பேச்சால் தங்கம் உயர்வு. அக்கா பேனாவை எடுப்பதற்குள் அறையின் அந்தக் கோடியிலிருந்து ஆசிரியரின் குரல் வந்தது.

"அந்தாள் பேசினது எத்தனை மணிக்கு?"

"மூணு மணிக்கு சார்."

"விலை ஏறினது?"

"பத்து மணிக்கே ஏறிடுச்சு. அப்புறம் அசையலை."

"அப்ப அந்தப் பேச்சை வெட்டுங்க. காரணம் தெரியவில்லைன்னு போடுங்க. கீழ உங்க பேரையும் போடுங்க, பத்தொன்பது வருஷமா ஏன் பேரு போடலைன்னு எனக்கே தெரியலை."

பக்கம் கட்டும்போது அந்தப் பெயரை மற்ற பெயர்களைவிட எழுத்தளவில் ஒரு புள்ளி பெரிதாக வைத்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். அக்கா பிழை திருத்தும் தாளில் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, முதல் முறையாக, திருத்தாமல் விட்டார்.