‘தாயின் தொழில்’ என்ற கட்டம்

என் கல்யாண பயோடேட்டாவை முதலில் நானேதான் எழுதினேன். இரண்டு பக்கம், பத்தி பத்தியாக. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை எனக்கு. நாள் முழுக்க ‘சரி’, ‘தள்ளுபடி’ என்று டிக் அடிக்கிறவளுக்கு ஒரு நாளாவது நாலு வரி சேர்ந்தாற்போல எழுத ஆசை இருக்காதா? நான் எட்டாவது படிக்கும்போது அப்பா இறந்தது, அடுத்த வருஷமே அம்மா ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டது, பதினாறு வருஷமாக இன்றுவரை ஓட்டுவது எல்லாம் அதில் இருந்தது. அம்மாவுக்கு மட்டும் ஒரு முழுப் பத்தி.

பெரியப்பா படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா இது, கத எழுதி வெச்சிகீற? எவன் குந்திகினு இத்தப் படிப்பான்? ஒரே பக்கம். கட்டம் போட்டு, மேல போட்டோ வெச்சி, பாத்தவொடனே தெரியணும். அப்பதான் குரூப்ல போட முடியும்.”

குரூப் என்றால் எங்கள் ஆட்கள் வரன் பார்க்கும் வாட்ஸப் குரூப். பெரியப்பா கெட்டவர் இல்லை. அப்பா போன பிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்னால் வந்து நிற்பவர் அவர்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன். என் இரண்டு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு மேனாம்பேட்டில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். சாயங்காலமே என் போனுக்கு பிடிஎஃப் வந்துவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, பளிச்சென்று இருந்தது. இடது பக்கம் தலைப்பு, வலது பக்கம் விவரம். பெயர், பிறந்த தேதி, ராசி, நட்சத்திரம், உயரம், நிறம், படிப்பு, வேலை. மேலே வலது மூலையில் ஒரு பெட்டி, அதற்குள் நான் பச்சைப் புடவையில் சிரிக்கிறேன். நானே என்னைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே விரலால் கீழே தள்ளிக்கொண்டு வந்தேன்.

தாயின் தொழில்: இல்லத்தரசி.

எனக்கு வந்ததே கோபம்! உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அதும்மா, அந்த ஜெராக்ஸ் கடப் பொண்ணு வேற யாருக்கோ அடிச்ச பழைய ஃபைல எடுத்து அதும் மேலயேதான் அடிக்கும். பேரு ஊரு எல்லாம் மாத்திச்சி, அது மட்டும் மாறாம நின்னுபோச்சி. நானும் பாத்தேன். நல்லாத்தானே கீதுன்னு உட்டுட்டேன்.”

“எப்படி விடுவீங்க பெரியப்பா?”

“ஆவடில ஒரு எடத்துக்கு அனுப்பிட்டேன். அவங்களுக்குப் புடிச்சிப்போச்சி. ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க. நீ எதுனா கொளறி வெக்காத.”

தவறு செய்தது கடை. அதைப் பார்த்தும் சும்மா விட்டது எங்கள் வீட்டு ஆள். என் ஒரு முழுப் பத்தியை ஒரே சொல்லால் துடைத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லும் எவளோ முகம் தெரியாத பெண்ணின் அம்மாவுடையது.

அம்மாவிடம் காட்டினேன். அவள் சவாரி முடித்து வந்து காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“உடேன்டி. ஊட்ல சோறு ஆக்கறது யாரு, நாந்தானே? பொய்யி ஒண்ணும் இல்லியே.”

“ஆட்டோ ஓட்டறதும் நீதானே?”

“ஆட்டோக்காரி பொண்ணுன்னா வர்ற எடம் யோசிக்கும். உனக்கு நல்ல எடம் அமையட்டும். எனக்கு இன்னா, என் பேரு எந்தக் கட்டத்துல இருந்தா இன்னா?”

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஒன்பதாவது படிக்கும்போது, “பள்ளிக்கூட வாசல்ல ஆட்டோவ நிறுத்தாதம்மா, தெருமுனையிலயே நிறுத்து” என்று சொன்னவள் நான். அன்றிலிருந்து பள்ளி முடியும்வரை அவள் தெருமுனையில்தான் நிறுத்தினாள். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது காக்கியைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள். ஏன் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த வெட்கம் இன்றுவரை எனக்குப் போகவில்லை. இன்னொரு முறை அவளைத் தெருமுனையில் நிறுத்த நான் தயாராக இல்லை.

சனிக்கிழமை நானே கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா ஃபைலைத் திறந்தார். இல்லத்தரசியை அழித்துவிட்டு நான் சொல்லச் சொல்ல அடித்தார்: ‘ஆட்டோ ஓட்டுநர், சொந்த ஆட்டோ, பதினாறு ஆண்டுகளாக.’ கட்டம் இரண்டு வரியாக விரிந்தது. கடைசியில் இருந்த முகவரி வரிசை இரண்டாம் பக்கத்துக்குத் தாவிவிட்டது.

“ஒரு பக்கத்துல அடங்கலம்மா. எழுத்த இன்னும் சின்னதாக்கினா போன்ல படிக்க முடியாது. போட்டோவ சின்னதாக்கட்டுமா?”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘நிறம்: மாநிறம்’ என்று ஒரு வரிசை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இதைத் தூக்குங்க.”

“அய்யோ, நெறம் இல்லாம எப்டிம்மா? எல்லாரும் மொதல்ல அதத்தான் பாப்பாங்க.”

“பக்கத்துலயே போட்டோ கீதே. கண்ணு இருக்கறவங்க பாத்துக்கட்டும்.”

அக்கா சிரித்துவிட்டார். வரிசையை மொத்தமாக நீக்கினார். முகவரி சட்டென்று முதல் பக்கத்துக்கே திரும்பி வந்தது.

ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டேன். அங்கேயே நின்று, மாப்பிள்ளை வீட்டு நம்பரைப் பெரியப்பா அனுப்பிய செய்தியிலிருந்து எடுத்து, புதிய பிடிஎஃப்பை அனுப்பினேன். ‘முன்பு வந்ததில் ஒரு விவரம் தவறு. இதுதான் சரி.’ அரை மணி நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மாவே கூப்பிட்டார்.

“எதும்மா சரி? அம்மா ஊட்ல இருக்காங்களா, ஆட்டோ ஓட்றாங்களா?”

“ஆட்டோ ஓட்டறாங்க.”

“கல்யாணத்துக்கு அப்பறம் நிறுத்திடுவாங்கல்ல?”

“எதுக்கு நிறுத்தணும்? மாட்டாங்க.”

“சரிம்மா, ஊட்ல கலந்துகினு சொல்றோம்” என்றார். அப்படியென்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. பெரியப்பாதான் வந்து குதித்தார். “தானா வந்தத ஒதைச்சித் தள்ளிட்டியே! இனிமே நீயே தேடிக்கோ.” காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். போகட்டும், கோபம் தணிந்தால் வருவார்.

அம்மா பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்தாள். எதிரில் தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி ஆறிப்போய்க் கிடந்தது. “எங்க, அந்தப் பேப்பரக் குடு” என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்துப் படித்தாள்.

“நெறத்தக் காணோம்?”

“இடம் பத்தலம்மா.”

“யாருக்கு?”

“உனக்கு.”

விரல் தாயின் தொழிலில் வந்து நின்றது. ரொம்ப நேரம் அங்கேயே இருந்தது. திட்டப்போகிறாள், இல்லையென்றால் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“பேட்ஜ் கீதுன்னு போடலியே?” என்றாள். “அத்த வாங்க நான் ஆர்டிஓ ஆபீசுக்கு எத்தினி வாட்டி அலஞ்சேன் தெரியுமா?”

எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது பட்டுப்புடவையின் மேல் காக்கிச் சட்டை இருந்தது. “ஏறு, ஜெராக்ஸ் கடை தொறந்துதான் இருக்கும்” என்றாள். இரண்டு பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். நேராகக் கொண்டுபோய் கடை வாசலிலேயே நிறுத்தினாள்.