ஊதா மூடிக் குழாயைப் பற்றி எழுதிய பெண்

ஜூலை ஏழு, காலை ஏழேகால், லேசான தூறல். மூலக்குளத்தில் நான் நடத்தும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு, புதிதாகப் படித்து முடித்த ஒரு பெண்ணின் வேலை விண்ணப்பக் கடிதம் வந்திருந்தது. அதில் தன் தவறு ஒன்றையும் எழுதியிருந்தாள். பயிற்சியின்போது ஒரு குழந்தைக்கு எடுத்த ரத்தம் போதாமல், ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் சிவப்பு மூடிக் குழாயில் ஊற்றிவிட்டாளாம். ரத்தம் உறையாமல் இருக்க ஊதாக் குழாயில் இருக்கும் மருந்திலேயே பொட்டாசியம் உண்டு; அதனால் பரிசோதனையில் பொட்டாசியம் அளவு பொய்யாக ஏறிவிட்டது. அறிக்கை வெளியே போகுமுன் தானே சொல்லி, மறுபடி ரத்தம் எடுக்க வைத்திருக்கிறாள்.

“இதப் போயி யாராவது எழுதுவாங்களா சார்? அனுபவம் உள்ள ஆளா பாருங்க,” என்றார் என் மூத்த டெக்னீஷியன்.

“நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?”

“நானா? வாயே தெறந்திருக்க மாட்டேன்,” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறிக்கைகளில் கையெழுத்துப் போடுகிறவன் நான். அன்றே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வேலைக்கு வரச் சொன்னேன். சம்பளம் மாதம் பதினான்காயிரம் ரூபாய்.