கொக்கு கதைச்ச பக்கம்

எண்பதுகளில் கிழக்கிலங்கையில், சாய்ந்தமருதில் இரண்டாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு என் வீட்டு விறாந்தைக்கு என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வருவாள். அவளுடைய உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அவள் உம்மாவின் தங்கையான சாச்சியோடு பக்கத்து வளவில் இருந்தாள். என் வீட்டில் நான் மட்டும். உம்மாவும் வாப்பாவும் மௌத்தான பின் சின்னச் சட்டியில் ஆக்கினாலும் சோறு மிஞ்சும்.

பிள்ளைக்கு ஒரே ஆசை. ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்து, கசட்டில் பதிந்து, உம்மாவுக்கு அனுப்ப வேண்டும். ஆனால் அவள் எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும்.

கல்முனைக் கடையொன்றில் அவளுக்காகப் படப் புத்தகம் தேடினேன். பக்கத்துக்கு இரண்டே வரி, பெரிய எழுத்து, வரி முடிவில் ஒத்து ஒலிக்கும் சொற்கள். பூனையும் பானையும் யானையும் வரும் ஒன்று கிடைத்தது. முதலில் நான் விரல் வைத்து வாசிப்பேன். பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்போம். பிறகு அவள் தனியே. அடுத்த நாளும் அதே புத்தகம். ஒரு கிழமைக்குள் தடங்கலின்றி ஓடியது. நான் மகிழ்ந்துபோனேன்.

ஒரு நாள் மழைச் சாரலில் நடுப்பக்கங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டன. அவள் அதைக் கவனிக்கவில்லை. ஒட்டி மறைந்திருந்த பக்கங்களையும் சேர்த்து, ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள்.

நான் படத்தைக் கையால் மறைத்து, நடுவிலிருந்து ஒரு சொல்லைக் காட்டினேன். அவளுக்குத் தெரியவில்லை.

அவளைக் கூட்டிப்போக வந்த சாச்சி சிரித்தார். “கிளி மாதிரி ஒப்பிக்கிறாளே, அது போதாதா டீச்சர்? கேக்கிற உம்மாக்குத் தெரியவா போகுது?”

“உம்மாக்குத் தெரியா,” என்றாள் பிள்ளை. “எனக்குத் தெரியும்.”

ராகம் இழுத்துக்கொண்டு ஓடும் அந்தப் புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டேன். அடுத்ததைத் தெரிவுசெய்தபோது, படத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாத வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். வரி முடிவு ஒத்து ஒலித்தாலும் அப்படியான வரிகளோடு, கொக்கும் குளமும் உள்ள புத்தகம் அகப்பட்டது. வழக்கம் அதேதான், ஆனால் இம்முறை விரல் அவளுடையது. சொல்லும் விரலும் சேர்ந்து போகாவிட்டால் அந்த வரியைத் திரும்ப வாசிக்க வேண்டும். சில நாள் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினோம். சில நாள் நடுவிலிருந்து ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கச் சொன்னேன்.

எங்கள் தெருவில் ஒருவர் குவைத்துக்குப் பயணமாக இருந்தார். கசட்டை அவர் கையில் கொடுத்துவிடலாம் என்று சாச்சி றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“கெதியா வாசி புள்ள. நாளைக்கு வெள்ளாப்பில, விடிய முந்தி அவர் போயிருவார்.”

சிவப்புப் பொத்தானை அழுத்தினார். முதல் பக்கங்கள் நன்றாகப் போயின. அடுத்து, கொக்கு வாயைத் திறந்து நிற்கும் படம்.

“கொக்கு வந்து கதைச்சது,
கொண்டல் காற்று வீசியது.”

அவள் நின்றுவிட்டாள். படத்தைப் பார்த்துச் சொன்ன வீட்டுச் சொல் ‘கதைச்சது’, ‘வீசியது’வோடு ஒத்து ஒலிக்காமல் காதுக்கு இடறியிருக்க வேண்டும். றெக்கோடர் சுழன்றுகொண்டிருந்தது. சாச்சி கையால் ‘வாசி, வாசி’ என்று காட்டினார். எனக்குச் சொல்லிக்கொடுக்க வாய் வந்தது. அதை அடக்கப் போய் இருமினேன். பிள்ளையின் விரல் மேல் வரிக்குத் திரும்பியது.

“கொக்கு வந்து… பே… சி… பேசியது. கொக்கு வந்து பேசியது, கொண்டல் காற்று வீசியது.”

பிறகு கடைசி வரை போனாள்.

“அல்லாவே, நடுவுல கெட்டுப் போச்சே. அழிச்சிட்டுத் திரும்ப எடுப்பம்,” என்றார் சாச்சி.

“வேணாம். அந்த இடத்திலதான் அவள் வாசிச்சாள்,” என்றேன்.

சாச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிள்ளை றெக்கோடரின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். “இதத்தான் அனுப்பணும் சாச்சி.” கசட் அப்படியே போனது.

மறுமொழிக் கசட் வர நோன்புப் பெருநாளும் கழிந்துவிட்டது. வேலிக்கு அப்பால் சாச்சி சத்தமாகப் போட்டார். உம்மா அழுதார், சிரித்தார், எல்லோருக்கும் ஸலாம் சொன்னார். பிறகு கேட்டார்: “மகள் நிண்டு திரும்ப வாசிச்ச இடத்தத்தான் நான் ஒவ்வொரு நாளும் போட்டுக் கேக்கிறன். அதுல ஆரோ இருமினாங்களே, ஆரு மகள் அது?”

“டீச்சர்,” என்றாள் பிள்ளை, றெக்கோடரைப் பார்த்து.

அதன் பிறகு அவள் புத்தகம் வாங்கிப் போக மட்டும் வந்தாள். அஸருக்குப் பிறகு, தன் வீட்டு வாசற்படியில் குந்தி இருந்து, உதடு அசையாமல் வாசிப்பாள். நான் விறாந்தையில் வழமையான இடத்தில் இருப்பேன். பக்கம் புரள்வது கூட அங்கிருந்து கேட்காது.