எத்தனை நாள் வீட்டில் இருந்தார்?

உயர்தர வகுப்புக்குக் கணக்கியல் படிப்பிக்கிறவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருக்கும். எனக்கு அது கொஞ்சத்துக்கும் மேலே. கல்முனையில் எங்கள் தெருவில் யாருக்குக் காகிதம் வந்தாலும் நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும் என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஆகவே என் ராத்தாவுக்கு இறைவரித் திணைக்களத்தில் இருந்து வருமான விவரத்திரட்டு அனுப்பும்படி அறிவித்தல் வந்தபோது, அவ கேட்கும் முன்பே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவவின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

ராத்தா என் மூத்த சகோதரி. வீட்டின் முன்பக்கத்தில் இரண்டு கடை அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறா. அதில் ஒன்றை எடுத்த மருந்துக் கடைக்காரர் வரி இலக்கம் கேட்டதால் பதிந்தா. பதிந்தால் கணக்குக் காட்டத்தானே வேண்டும். வாடகை பெரிய தொகை இல்லை. அதை மட்டும் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு நான் திரும்பி வந்திருப்பேன்.

ஆனால் ராத்தா வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தா. ராத்தாவின் கணவர், என் மச்சான், கட்டாரில் பத்தொன்பது வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். மாதா மாதம் அவர் அனுப்பும் பணம் அந்தப் புத்தகத்தில் இருந்தது. லண்டனில் இருக்கும் எங்கள் சாச்சா, ராத்தாவின் மூத்த மகளின் கலியாணத்துக்கு அனுப்பிய பெரிய தொகையும் இருந்தது.

"இதையும் போடு தம்பி," என்றா. "நோம்புக்கு நோம்பு இந்தச் சல்லிக்கு ஸகாத் கணக்குப் பாக்கன்தானே. அல்லாஹ்ட கணக்குல வாறது கவுமேந்துட கணக்குல வராமப் போகுமா?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும். ஒருவர் கையில் வந்து சேர்வதெல்லாம் அவருடைய வருமானம் இல்லை என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். ஸகாத் என்ற ஏழைவரி, ஒரு வருடம் கையில் தங்கி நின்ற செல்வத்தைப் பார்க்கிறது. வருமான வரி, அந்த வருடம் உழைத்ததைப் பார்க்கிறது. இரண்டும் வேறு. ஆனால் ராத்தா அவ்வளவு உறுதியாகச் சொன்னபோது எனக்கும் அது சரியாகவே பட்டது. வேறு வருமானம் என்ற கட்டத்தில் எல்லாவற்றையும் கூட்டிப் போட்டேன். கணினி வரியைக் காட்டியது. ஐந்து இலட்சத்தைத் தாண்டி நின்றது.

நான் அனுப்பும் பொத்தானை அமுக்கவில்லை. அமுக்கக் கை வரவில்லை என்பதுதான் உண்மை. ராத்தா திரையைப் பார்த்தா, முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"ஹலாலான சல்லி. சுத்தமா இரிக்கட்டும். கட்டுவம்," என்றா. பிறகு மெதுவாகக் கேட்டா: "இது ஒரு வருஷத்துக்குத்தானே? மத்தப் பதினெட்டு வருஷத்துக்கும் கேப்பாங்களோ?"

நான் மடிக்கணினியை மூடினேன். அந்த மாதம்தான் மச்சான் ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தது. இடுப்பு வலி பொறுக்க முடியாமல், ஒப்பந்தம் முடிந்ததும் போதும் என்று முடிவெடுத்திருந்தார். கம்பனியோ இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ராத்தா அன்று பின்னேரமே அவருக்குத் தொலைபேசியில் விசயத்தைச் சொன்னா. அவர் அதிகம் கதைக்கவில்லை. "சரி புள்ள. ரெண்டு வருஷம்தானே. கண்ணை மூடித் தொறக்கப் போயிரும்," என்றாராம்.

என் அரைகுறை அறிவு ஒரு மனிதனை மறுபடியும் இரண்டு வருடம் வெயிலில் ஏற்றி வைக்கப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு என் மீதே எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலை ராத்தா மீது காட்டினேன். செவ்வாய்க்கிழமை அவ, "மட்டக்களப்புக்குப் போய் வரி ஒப்பீசில பழைய வருஷத்துக்கும் எவ்வளவு கட்டணும் எண்டு கேப்பம்," என்று சொன்னபோது, "போய்க் கழுத்தைக் குடுக்கப் போறீங்களா?" என்று பாய்ந்தேன். அவ சாரியைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டா. வேறு வழியில்லாமல் மடிக்கணினியையும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். பஸ் கல்லடிப் பாலத்தைக் கடக்கும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன்.

அலுவலகத்தில் எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒரு பெண் உத்தியோகத்தர். நெற்றியில் சின்னப் பொட்டு, மேசையில் கோப்புகளுக்கு நடுவே ஒரு போத்தல் தண்ணி. நான் கணக்கியல் ஆசிரியர் என்பதைச் சொல்லித்தான் ஆரம்பித்தேன். என் கணினியில் இருந்ததையும் வங்கிப் புத்தகத்தையும் அவ வாசித்தா, ஒரு முறை என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையை இன்றைக்கும் நான் மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

"அக்கா, இந்தக் காசை மாசா மாசம் ஆர் அனுப்பினது?" என்று ராத்தாவிடம் கேட்டா.

"எங்கட ஊட்டுக்காரர்."

"நீங்க அவருக்கு ஏதும் வேலை செஞ்சு குடுத்து, அதுக்கு அனுப்பின கூலியா?"

ராத்தா அந்தக் கேள்வியைச் சாதாரணமாக எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தா. மச்சானின் உம்மா படுக்கையில் கிடந்த நாலு வருடமும் அந்தக் கிழவியைக் குளிப்பாட்டி, ஊட்டி, மௌத்தான அன்று கடைசியாகக் கழுவியும் விட்டது ராத்தாதான். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்த்தா. கல்லும் மணலும் இறக்கி இந்த வீட்டைக் கட்டினா. எல்லாம் அவவின் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன்.

"இல்ல," என்றா கடைசியில். "கூலி இல்ல. அவர் எனக்குப் புருஷன்."

"அப்ப அது உங்கட வருமானம் இல்ல. குடும்பச் செலவுக்குப் புருஷன் அனுப்பின காசு. லண்டன்காரர் உங்களிட்டக் காணி வாங்க, கடை எடுக்க அனுப்பினவரா?"

"இல்ல, வாப்பாட தம்பி. புள்ளட கலியாணத்துக்குத் தந்தார்."

"அது அன்பளிப்பு. அதுக்கும் இதில வரியில்ல. காணி, வீடு எண்டு நன்கொடை உறுதி எழுதினா முத்திரை வரி வரும், அது வேற கதை." பேனாவால் என் கட்டங்களைக் காட்டினா. "வாடகைய மட்டும் போடுங்க சேர். அது எல்லைக்குள்ளதான் நிக்குது, கட்ட ஒண்டும் வராது. சொத்து விபரம் கேக்கிற இடத்தில வீடு, கடை, மிச்சக் காசு எல்லாம் மறைக்காமப் போடுங்க. எங்கால வந்தது எண்டு நாளைக்கு ஆரும் கேட்டா, இந்த வங்கிக் கடதாசிகள்தான் பதில். பத்திரமா வையுங்க."

அவ்வளவுதானா? எனக்கு நம்ப முடியவில்லை. "அவர் உழைச்சதுக்கு?" என்று கேட்டேன். "அவருக்காவது வரி இருக்காதா?"

"அதுதான் அடுத்த கேள்வி." ராத்தாவின் பக்கம் திரும்பினா. "அக்கா, அந்த வருஷத்தில அவர் எத்தின நாள் இலங்கையில நிண்டவர்?"

"நாப்பத்தொரு நாள்," என்றா ராத்தா. யோசிக்கவே இல்லை.

அந்த ஒரு வருடத்தைத்தான் கேட்டார்கள். ஆனால் பழைய வருடங்களுக்கும் கணக்குத் தீர்க்கத்தானே அவ வந்திருந்தா. நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனா. "அதுக்கு முந்தின வருஷம் முப்பது நாள். கொரோனாக்குள்ள வரல்ல. அதுக்கு முந்தி இருவத்தெட்டு. மாமி மௌத்தான வருஷம் ஒம்பது நாள். அடக்கத்துக்கு வந்து சேரல்ல, மூணாம் நாள்தான் வந்தார். ரெண்டாவது புள்ள கிடைச்ச வருஷம் வரவே இல்ல. சின்னவள் கிடைச்ச வருஷம் அறுவது நாள், அதுதான் கூட..."

உத்தியோகத்தரின் பேனா நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரரும் தலை நிமிர்ந்தார். எந்தக் காகிதத்தையும் பார்க்காமல் ராத்தா பத்தொன்பது வருடத்தையும் சொல்லி முடித்தா. நான் எத்தனையோ பேரேடு சமப்படுத்தியிருக்கிறேன். ஒரு மனுசி கணவன் இருந்த நாள்களை இப்படி ஒன்றுவிடாமல் நெஞ்சில் வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, வாரத்துக்கு இரண்டு தரம் அவவின் கையால் தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எனக்கு இது தெரியாது.  வெட்கமாக இருந்தது.

உத்தியோகத்தர் குரலைத் தாழ்த்திச் சொன்னா. "நூற்றெண்பத்து மூணு நாளுக்குக் குறைஞ்சு நிண்டு, அங்கேயே இருந்து வேலை செய்யிறவரை நாங்க வதிவற்றவர் எண்டுதான் எடுக்கிறது அக்கா. அவர் அங்க உழைச்ச சம்பளத்துக்கு இங்க வரியில்ல. பழைய வருஷத்துக்கும் அதேதான். நீங்க கட்ட ஒண்டும் இல்ல."

ராத்தா எழும்பவில்லை. "அப்ப அவர் இஞ்ச வந்து இருந்தா?"

"இருந்தா வதிவுள்ளவர். இங்க தொழில் செஞ்சு எல்லைக்கு மேல உழைச்சா வரி கட்டத்தான் வேணும்."

வெளியே வந்து படியில் நின்றோம். அரசாங்கம் ஒரு மனிதனிடம் வரி வேண்டாம் என்று சொல்வதற்குக் கேட்கிற அத்தாட்சி, அவன் வீட்டில் இல்லாத நாள்கள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சட்டத்தில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. அது நியாயமாகத்தான் நடந்தது. ஆனாலும் இவர்கள் இரண்டு பேரும் அந்த வரியைப் பத்தொன்பது வருடமாக நாள் கணக்கில் கட்டி முடித்திருந்தார்கள்.

ராத்தா அங்கேயே நின்று மச்சானுக்கு எடுத்தா. முதல் இரண்டு தடவை அவர் தூக்கவில்லை. மூன்றாம் தடவை கிரேனின் இரைச்சலோடு குரல் வந்தது. ராத்தா ஒலிபெருக்கியைப் போட்டா. தெருச் சத்தத்தில் அவவுக்குக் கேட்கவில்லை.

"கையெழுத்து வச்சிட்டீங்களா?"

"இல்ல. பகல் சாப்பாட்டுக்குப் பொறகு கூப்பிட்டிரிக்கான். ஏன்?"

"வைக்க வேணாம். வரி ஒண்டும் இல்லையாம். ஒரு சதமும் இல்லையாம்."

"சரியாக் கேட்டீங்களா? மச்சினன் பிழையா விளங்கியிருப்பான்."



"நான்தான் கேட்டன். நீங்க ஊட்ட இல்லாததாலதான் வரி இல்லையாம்," என்றா ராத்தா. அதுவரை நேராக இருந்த குரல் அங்கே உடைந்தது. "இஞ்ச வந்து இருந்து உழைச்சா வரி கேப்பாங்களாம்."

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது, இயந்திரத்தை அணைத்திருப்பார்.

"அப்ப வந்து கட்டுவம் புள்ள," என்றார் மச்சான்.