இரண்டும் மூலம்

சர்க்காரில் நான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளன். தென்காசிக்காரனுக்கு எதற்கடா பிரெஞ்சு என்று ஊரில் கேலி செய்யாதவர் இல்லை. அந்த வருஷம் சாரல் நன்றாக இருந்ததால் என் மேலதிகாரியான வெள்ளைக்கார துரை குற்றாலத்தில் பங்களா எடுத்திருந்தார். காரைக்கால் சுங்கத் தகராறைப் பேசித் தீர்க்கப் பிரெஞ்சு அதிகாரியையும் அங்கேயே வரவழைத்துவிட்டார்.

தகராறு இதுதான். இரு சர்க்காருக்கும் இடையிலான உடன்படிக்கைப்படி, பிரெஞ்சு எல்லை வழியே கடல் கடந்து போகும் சரக்குக்குச் சுங்கம் கிடையாது. ஆங்கிலத்தில் 'வழியாகச் செல்லும் சரக்கு' என்று மட்டும் இருந்தது. பிரெஞ்சிலோ 'தங்காமல் கடந்து செல்லும் சரக்கு' என்றிருந்தது. கடையநல்லூர் வியாபாரி ஒருவரின் கைலி மூட்டைகள் கப்பலுக்காகக் காரைக்கால் சரக்குக் கிட்டங்கியில் காத்துக் கிடந்தன. சரக்கு தங்கிவிட்டது என்று பிரெஞ்சுச் சுங்கம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டது. அடுத்த கப்பலும் போய்விட்டால் சிங்கப்பூர்க் கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார். இங்கே வியாபாரியை நம்பி நெய்தவர்களின் தறி நின்றுவிடும்.

வியாபாரி பங்களா வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இங்கிலீஷ்ல இருந்து பிரெஞ்சுல எழுதுனது நீங்கதான? அந்த ஒரு சொல்லைப் பிரெஞ்சுக்காரன் நடுவுல சேர்த்தான்னு நீங்களே சொன்னிய. அதை எழுதிக் குடுத்தா என்ன?"

அன்று மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தபோது 'தங்காமல்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது பிரெஞ்சுத் தரப்புதான். நம்மவர்கள் வாக்கிய நடைக்காகத்தானே என்று விட்டுவிட்டார்கள். துரையும் இதையே எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆனால் உடன்படிக்கையின் கடைசி ஷரத்து இரண்டு வாசகமும் சமமான மூலம் என்கிறது. கையெழுத்தான பிறகு எது முன்னால் பிறந்தது என்ற கணக்கு அங்கே செல்லாது. நான் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர் முறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். மூட்டை அங்கேயே கிடக்கும். முடியாது என்றேன். துரைக்கு முகம் சிவந்தது. வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். "அந்தச் சொல் எதற்காக வேண்டியிருந்தது?" என்று பிரெஞ்சு அதிகாரியிடம் கேட்டேன். சுங்கம் கட்டாமல் உள்ளே வந்த சரக்கை ஊரிலேயே விற்றுவிடாமல் இருக்க, என்றார். மூட்டைகளின் முத்திரை உடையவில்லை. கப்பலுக்குக் காத்திருப்பதும் பயணத்தில் சேர்ந்ததே என்று கொண்டால் எந்த வாசகத்தையும் தள்ள வேண்டியதில்லை என்றேன். அவர் தலையசைத்தார். துரையும் ஒப்புக்கொண்டார். அந்த முடிவையும் இரண்டு மொழியிலும் எழுதி, வரிக்கு வரி ஒத்துப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூட்டைகளை விடச் சொல்லி அன்றே காரைக்காலுக்குத் தந்தி போயிற்று.

கைலிகள் கப்பலேறின. சில வாரம் கழித்துத் தென்காசித் தேரடியில் அந்த வியாபாரியைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவரிடம், நான் காது கேட்கும் தூரத்தில் இருப்பது தெரிந்தே சொன்னார்:

"அந்தப் பிரெஞ்சு துரை மகராசன், விட்டுக் குடுத்துட்டான். நம்மூர்க்காரன்தான் ஒரு வரி எழுத மாட்டேன்னுட்டான்."

திரும்பிப் போய் விளக்கலாம் என்று நினைத்தேன். பிரெஞ்சுக்காரர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டியிருக்கும், மகராசன் என்ற பெயர் போய்விட்டால் அவர் வியாபாரியின் அடுத்த சரக்கில் கெடுபிடி காட்டுவார். என் வழியே நடந்தேன்.